ஆணா பெண்ணா? அப்பாவின் விந்தணு அதை முடிவு செய்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். இந்தப் பாடம் நடக்கும் வாரத்தில் வகுப்பில் பிள்ளைகள் கேட்பது ஒரு மாதிரி இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாக்கள் என்னைத் தனியாக ஓரம் கூட்டிப்போய்க் கேட்பது வேறு மாதிரி இருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

குழந்தை ஆணாவதும் பெண்ணாவதும் யாரால், அம்மாவாலா அப்பாவாலா?

அப்பாவிடமிருந்து வரும் விந்தணுவால்.

நம் உடம்பின் செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன, 23 ஜோடிகளாக. இவற்றில் 22 ஜோடிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. மிச்சமுள்ள ஒரு ஜோடியில்தான் வித்தியாசம். பெண்ணிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணிடம் ஒரு எக்ஸ், ஒரு ஒய். குழந்தைக்கு ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மாவிடமிருந்தும் இன்னொன்று அப்பாவிடமிருந்தும் வருகிறது. அம்மா தருவது எப்போதும் எக்ஸ்தான், ஏனென்றால் அவரிடம் வேறு இல்லை. அப்பாவின் விந்தணு எக்ஸ் கொண்டுவந்தால் பெண் குழந்தை, ஒய் கொண்டுவந்தால் ஆண் குழந்தை.

எக்ஸ், ஒய் என்கிறீர்களே, அவை நிஜமாகவே கண்ணுக்குத் தெரியுமா?

நுண்ணோக்கியில் தெரியும். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவை பிரியப்போகும் தறுவாயில் நிறுத்திச் சாயமேற்றினால், குரோமோசோம்கள் தடித்த சிறு குச்சிகளாகச் சிதறிக் கிடக்கும். அதைப் படமெடுத்து, ஜோடி ஜோடியாக வெட்டி அடுக்குவதற்குக் கேரியோடைப் என்று பெயர்.

என் வகுப்பில் அந்தப் படத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கத்தரிக்கோலும் பசையும் கொடுத்துவிடுவேன். நாலு பேருக்கு ஒரு தாள். பிள்ளைகள் ஒவ்வொரு குச்சியையும் வெட்டி, நீளத்தையும் கோடுகளையும் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். முதல் இருபது நிமிடம் எல்லா மேசையிலும் ஒரே வேலைதான். கடைசியில் சில மேசைகளில் எல்லாக் குச்சிக்கும் ஜோடி கிடைத்துவிடும். மற்ற மேசைகளில் இரண்டு குச்சிகள் மிஞ்சி நிற்கும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. "டீச்சர், இது ரெண்டும் பொருந்தலை" என்று கை தூக்குவார்கள். அந்தத் தாள் ஓர் ஆணுடையது. நீளமானது எக்ஸ், குட்டையானது ஒய். எக்ஸ் குரோமோசோமில் சுமார் பதினைந்தரைக் கோடி டி.என்.ஏ. எழுத்துகள் உள்ளன. ஒய்யில் ஏறத்தாழ ஆறு கோடிதான்.

அப்படியென்றால் எங்களுக்கு மூன்றும் பெண்ணாகப் பிறந்தது என் கணவரின் குறையா?

குறை என்ற சொல்லையே இங்கே எடுத்துவிட வேண்டும். முடிவு செய்வது அப்பாவின் விந்தணு, அப்பாவின் விருப்பம் அதில் நுழைவதே இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

விந்தகத்தில் விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகிறது. அங்கே 46 குரோமோசோம் உள்ள ஒரு தாய் செல், குன்றல் பகுப்பு என்ற முறையில் இரண்டு தடவை பிரிந்து நான்கு விந்தணுக்கள் ஆகிறது. முதல் பிரிவிலேயே எக்ஸ் ஒரு பக்கமும் ஒய் இன்னொரு பக்கமும் விலகிப் போய்விடும். அதனால் நான்கில் இரண்டு எக்ஸ் விந்தணு, இரண்டு ஒய் விந்தணு. எந்த ஆணுக்கும் இந்தப் பங்கீடு இப்படித்தான். மூன்று பெண் குழந்தைகளின் தகப்பனாருடைய விந்தைச் சோதித்தாலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஒய் விந்தணுக்கள் இருக்கும்.

என் சித்திக்கு வரிசையாக நான்கு பெண்கள். நான்காவது பிறந்தபோது ஊரிலிருந்து வந்த பாட்டி பிள்ளையைக் கையில் வாங்காமலே திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன், அப்போது எனக்கு ஒன்பது வயது. இரண்டு வருடத்தில் சித்தப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அங்கே பிறந்த இரண்டும் பெண்கள்தான். அதை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, அதுவும் தற்செயல்தான். ஆனால் சித்தியைக் குற்றம் சொன்னவர்கள் யாரும் பிறகு வந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணை ஞாபகம் வரும். பழியை அம்மாவிடமிருந்து எடுத்து அப்பாவின் தலையில் வைப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பழி என்ற ஒன்றுக்கே இதில் இடமில்லை.

சரி, எந்த நொடியில் முடிவாகிறது?

விந்தணு கருமுட்டைக்குள் நுழையும்போது.

சினைப்பையிலிருந்து வெளிவந்த கருமுட்டை, கருக்குழாயின் அகன்ற பகுதியில் காத்திருக்கும். அது உயிரோடு இருப்பது சுமார் ஒரு நாள்தான். ஒரு தடவை வெளியாகும் விந்தில் பல கோடி விந்தணுக்கள் இருந்தாலும், கருப்பை வாய், கருப்பை என்று ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பகுதி கழிந்துவிடும். கருமுட்டை இருக்கும் இடம் வரை வந்து சேர்பவை சில நூறுதான். அவற்றில் ஒன்று முட்டையின் உறையைக் கரைத்து உள்ளே புகுந்ததும், முட்டை தன் உறையை மாற்றிக்கொண்டு மற்றவற்றுக்கு வழி அடைத்துவிடும்.

உள்ளே போன விந்தணுவின் தலையில் 23 குரோமோசோம்கள் இருக்கும். அவற்றில் ஒன்று எக்ஸ் அல்லது ஒய். அது இன்னதென்று அந்த விந்தணு விந்தகத்தில் உருவானபோதே குறிக்கப்பட்டுவிட்டது. எந்த விந்தணு உள்ளே போகும் என்பதுதான் கருவுறும் நொடி வரை திறந்திருக்கும் கேள்வி. அது நடந்ததும் முட்டையின் 23உம் விந்தணுவின் 23உம் சேர்ந்து 46 ஆகிவிடும். பிறகு அந்த ஒற்றைச் செல் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரியும்போது ஒவ்வொரு செல்லுக்கும் அதே 46தான் நகலாகிப் போகும்.

நாள் தள்ளிப்போனதும் ஒரு மருந்து கொடுக்கிறார்கள், சாப்பிட்டால் பையன் பிறக்குமாம். உண்மையா?

இல்லை. சாப்பிட வேண்டாம்.

தேதி போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஒருவருக்கு ஜூன் 1 அன்று மாதவிடாய் வந்தது, 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். முட்டை வெளியாவது ஜூன் 14 அல்லது 15. கருவுறுவதும் அதையொட்டித்தான். அடுத்த மாதவிடாய் வர வேண்டிய நாள் ஜூன் 29. வரவில்லை என்று இரண்டு நாள் பொறுத்து, ஜூலை 1 அன்று வீட்டில் சோதனை செய்கிறார், இரண்டு கோடு தெரிகிறது. விஷயம் மாமியாருக்குத் தெரிந்து, அவர் யாரிடமோ கேட்டு, பொடியோ லேகியமோ கைக்கு வரும்போது ஜூலை 10 ஆகிவிடும். குழந்தையின் எக்ஸ், ஒய் கணக்கு ஜூன் 15 அன்றே முடிந்துவிட்டது. ஜூலை 10 அன்று அந்தக் கருவுக்கு இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். அதன் அத்தனை செல்களிலும் இருக்கும் குரோமோசோமை ஒரு பொடி போய் மாற்ற முடியாது.

அப்புறம் ஏன் சிலருக்குப் "பலித்தது"? பத்துப் பேருக்கு வெறும் மஞ்சள் தண்ணீர் கொடுத்தாலும் ஐந்து பேருக்குப் பையன் பிறக்கும். அந்த ஐந்து பேரும் ஊரெல்லாம் சொல்வார்கள். மற்ற ஐந்து பேர் சொல்ல மாட்டார்கள்.

பலன் இல்லை என்பதோடு இது நிற்பதில்லை. இப்படிப்பட்ட மருந்துகள் ஹரியானாவில் அதிகம் புழங்குகின்றன. அங்கே ஆராய்ந்தவர்கள் சில பொடிகளில் ஹார்மோன் போல வேலை செய்யும் பொருள்கள் இருப்பதைக் கண்டார்கள். அவற்றைச் சாப்பிட்ட தாய்மார்களுக்கு உறுப்புக் குறைபாட்டோடு குழந்தை பிறப்பதும் இறந்தே பிறப்பதும் அதிகமாக இருந்தன. உறுப்புகள் உருவாகும் வாரங்களில் உள்ளே போகும் மருந்து அது. யாராவது கட்டாயப்படுத்திக் கொடுத்திருந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அந்தப் பொட்டலத்தையும் கொண்டுபோங்கள்.

ஆறு வாரம் வரைக்கும் கரு ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று படித்தேன். அப்புறம் எப்படிக் கருவுறும்போதே முடிவு என்கிறீர்கள்?

நல்ல கேள்வி. இரண்டும் சரிதான். முடிவு கருவுறும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. உடம்பு அதைப் படிக்கத் தொடங்குவதுதான் ஆறாவது வாரம். (இங்கே நான் சொல்லும் வாரக் கணக்கு கருவுற்ற நாளிலிருந்து. மருத்துவர் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார், அதனால் அவர் கணக்கில் இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும்.)

அதுவரை எல்லாக் கருவிலும் ஒரே மாதிரியான ஒரு ஜோடி முளைகள் இருக்கும். அவை விந்தகமாகவும் ஆகலாம், சினைப்பையாகவும் ஆகலாம். உள்ளே இரண்டு வகைக் குழாய்களும் தயாராக இருக்கும். ஒன்று ஆணுக்கு வேண்டிய பாதையாக வளரக்கூடியது, இன்னொன்று கருப்பையாகவும் கருக்குழாயாகவும் வளரக்கூடியது.

ஒய் குரோமோசோம் உள்ள கருவில், ஆறாவது வாரம் வாக்கில் அந்த முளைகளுக்குள் எஸ்.ஆர்.ஒய். என்ற ஒரு மரபணு விழித்துக்கொள்ளும். ஆறு கோடி எழுத்துகள் கொண்ட ஒய்யில் இந்த மரபணு ஒரு புரதத்துக்காகச் சொல்லும் செய்தி சுமார் 600 எழுத்துகள்தான். கொஞ்ச காலம்தான் அது வேலை செய்யும். ஆனால் அதற்குள் சாக்ஸ்9 என்ற இன்னொரு மரபணுவை முடுக்கிவிட்டுவிடும். முளை விந்தகமாக மாறத் தொடங்கும். அந்தக் குட்டி விந்தகம் இரண்டு பொருள்களைச் சுரக்கும். ஒன்று கருப்பையாக வேண்டிய குழாயைச் சுருங்கச் செய்யும். இன்னொன்று டெஸ்டோஸ்டிரோன், அது ஆண் பாதையை வளர்க்கும். எஸ்.ஆர்.ஒய். இல்லாத கருவில் வேறு மரபணுக்கள் பொறுப்பேற்று முளையைச் சினைப்பையாக வளர்க்கும். "எல்லாரும் முதலில் பெண்தான்" என்று சிலர் சொல்வதுண்டு, அது சரியில்லை. முதலில் இரண்டு வழியும் திறந்திருக்கிறது, அவ்வளவே.

எஸ்.ஆர்.ஒய். தான் அந்தச் சாவி என்பது 1990இல் லண்டனில் பீட்டர் குட்ஃபெல்லோ, ராபின் லவல் பேட்ஜ் இருவரின் குழுக்கள் கண்டறிந்தது. அடுத்த ஆண்டே ஒரு சோதனையும் நடந்தது. இரண்டு எக்ஸ் உள்ள சுண்டெலிக் கருவில், ஒய்யின் மற்ற எதையும் சேர்க்காமல், அந்த ஒரு மரபணு இருந்த சிறு துண்டை மட்டும் செருகினார்கள். குரோமோசோம்படி பெண்ணாக வளர வேண்டிய அது, விந்தகத்தோடு ஆண் எலியாக வளர்ந்தது. விந்தணு மட்டும் அதற்கு உருவாகவில்லை, அதற்கு ஒய்யின் மற்ற மரபணுக்களும் வேண்டும்.

மூன்று பெண் பிறந்தாயிற்று. நான்காவது நிச்சயம் பையன்தானே?

பாதி வாய்ப்பு. முதல் குழந்தைக்கு எவ்வளவோ அவ்வளவேதான்.

இதில் எல்லாரும் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. அதை எண்ணிக்கையாகப் பார்த்துவிடலாம். மூன்று குழந்தைகள் உள்ள 800 குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குழந்தை பெண்ணாக இருப்பது சுமார் 400 வீட்டில். அவற்றில் இரண்டாவதும் பெண்ணாக இருப்பது 200 வீட்டில். மூன்றாவதும் பெண் 100 வீட்டில். இப்போது அந்த 100 வீட்டிலும் நான்காவது குழந்தை பிறக்கிறது என்றால், 50 வீட்டில் பையன், 50 வீட்டில் பெண். "நான்கும் பெண்ணாகப் பிறப்பது அபூர்வம்" என்பது 800 வீட்டிலிருந்து கணக்கை ஆரம்பித்தால் உண்மை. நீங்கள் நிற்பது அந்த 100 வீட்டில். அங்கிருந்து பார்த்தால் பாதிக்குப் பாதி. முன்பு பிறந்த மூவரும் எந்த விந்தணுவால் வந்தார்கள் என்பது இந்த மாதத்து விந்தணுக்களுக்குத் தெரியாது.

இதே கணக்கில் மூன்றும் பையனாகப் பிறந்த வீடுகளும் 100 இருக்கும். அந்த வீட்டு அம்மாவை யாரும் எதுவும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கும் பெண்கள், அத்தைக்கும் பெண்கள். பரம்பரையாக வருமா?

ஸ்வீடனில் லட்சக்கணக்கான குடும்பங்களின் பதிவேடுகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஆகியோரின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்குப் பெண்கள் அதிகம் பிறந்தால் கூடப்பிறந்தவருக்கும் அப்படி இருக்கும் என்பதற்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை.

இதற்கு மாறாக, 2025இல் அமெரிக்கச் செவிலியர்களின் குடும்பங்களை வைத்து வந்த ஓர் ஆய்வு, சில குடும்பங்களில் ஒரே பக்கம் லேசாகச் சாய்வு இருக்கலாம் என்கிறது. முதல் குழந்தையைத் தாமதமாகப் பெற்றவர்களுக்கு எல்லாம் ஆணாகவோ எல்லாம் பெண்ணாகவோ இருப்பது சற்று அதிகமாகத் தெரிந்தது. காரணம் இன்னும் தெளியவில்லை. அந்தச் சாய்வு உண்மையாகவே இருந்தாலும், அது எந்தப் பக்கம் சாயும் என்று ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. எக்ஸையோ ஒய்யையோ கொண்டுவருவது விந்தணு என்பதையும் அது மாற்றவில்லை.

எந்த நாளில் சேர்ந்தால் பையன் பிறக்கும்? ஒய் விந்தணு வேகமாக நீந்துமாமே?

முட்டை வெளியாகும் நாளன்று சேர்ந்தால் பையன், சில நாள் முன்பே சேர்ந்தால் பெண் என்பது 1960களில் அமெரிக்காவில் பரவிய கருத்து. ஒய் விந்தணு இலேசானது, வேகமாகப் போய்விடும், எக்ஸ் விந்தணு மெதுவானது ஆனால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தபோது நிற்கவில்லை. எக்ஸ் விந்தணுவில் டி.என்.ஏ. அதிகம் என்பது உண்மை, ஆனால் அந்த வித்தியாசம் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. இரண்டின் நீச்சல் வேகத்திலும் நம்பத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

1995இல் அமெரிக்காவில் 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்து, முட்டை வெளியான நாளைத் துல்லியமாகக் குறித்து ஓர் ஆய்வு செய்தார்கள். முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் என்பது அதில் தெளிவானது. அந்த ஆறு நாட்களில் எந்த நாள் சேர்ந்தார்கள் என்பதற்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதற்கும் தொடர்பு இல்லை என்பதும் தெரிந்தது.

உப்பு, பால், வாழைப்பழம், சீன நாட்காட்டி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

மாட்டுக்கு மட்டும் கிடேரிக் கன்றாகவே பிறக்க ஊசி போடுகிறார்களே, அது எப்படி?

அது ஏமாற்று இல்லை, நிஜம். இந்த வேலையில் எக்ஸ், ஒய் விந்தணுக்களை முன்கூட்டியே பிரித்துவிடுகிறார்கள். மாட்டில் இரண்டுக்கும் உள்ள டி.என்.ஏ. வித்தியாசம் சுமார் நான்கு சதவீதம். விந்தணுக்களுக்கு ஒளிரும் சாயமேற்றி, ஒவ்வொன்றாக லேசர் ஒளி முன்னால் ஓடவிடுவார்கள். டி.என்.ஏ. அதிகமுள்ள எக்ஸ் விந்தணு கொஞ்சம் கூடுதலாக ஒளிரும். அதை வைத்துக் கருவி பிரித்தெடுக்கும். சினை பிடித்தால் பத்தில் ஒன்பது கிடேரியாகப் பிறக்கும். கவனியுங்கள், பசுவுக்கு எந்த மருந்தும் தரவில்லை. காளையின் விந்திலேயே வேலை முடிகிறது. தகப்பன் பக்கம்தான் முடிவு இருக்கிறது என்பதற்கு மாட்டுத் தொழுவத்திலேயே சாட்சி இருக்கிறது. மனிதருக்கு இதைச் செய்வது நம் நாட்டில் சட்டப்படி குற்றம்.

இரட்டைக் குழந்தையில் ஒன்று ஆண், ஒன்று பெண் எப்படி?

இரண்டு முட்டை, இரண்டு விந்தணு. ஒன்று ஒய் கொண்டுவந்தது, இன்னொன்று எக்ஸ் கொண்டுவந்தது. ஒரே முட்டை கருவுற்ற பிறகு இரண்டாகப் பிரிந்த இரட்டையர் என்றால் இருவரும் ஒரே பாலாகத்தான் இருப்பார்கள். குரோமோசோம் கணக்கு பிரிவதற்கு முன்பே முடிந்துவிட்டதே.

எக்ஸ், ஒய் இருந்தும் பெண்ணாகப் பிறப்பவர்கள் உண்டா?

உண்டு. எஸ்.ஆர்.ஒய். மரபணுவைத் தெரிந்துகொண்டால் இதுவும் புரியும்.

அப்பாவின் விந்தகத்தில் எக்ஸும் ஒய்யும் பிரிவதற்கு முன் நுனியோடு நுனி சேர்ந்து, அங்கே சிறு துண்டுகளை மாற்றிக்கொள்ளும். எஸ்.ஆர்.ஒய். இருப்பது அந்த மாற்றும் பகுதிக்குப் பக்கத்திலேயே. எப்போதாவது வெட்டு கொஞ்சம் தள்ளி விழுந்தால் எஸ்.ஆர்.ஒய். எக்ஸின் மேல் ஏறிக்கொள்ளும். அந்த எக்ஸைச் சுமந்த விந்தணு கருமுட்டையில் சேர்ந்தால், இரண்டு எக்ஸ் இருந்தும் ஆண் குழந்தை பிறக்கும். சுமார் 20,000 ஆண்களில் ஒருவர் இரண்டு எக்ஸ் உள்ளவர், பெரும்பாலானோருக்குக் காரணம் இதுதான். பெரும்பாலும் வளர்ந்து, கல்யாணமாகி, குழந்தை இல்லை என்று சோதனைக்குப் போகும்போதுதான் தெரியவரும். இதற்கு எதிர்ப்பக்கமும் நடக்கும். ஒய் இருந்தும் எஸ்.ஆர்.ஒய். பழுதாகியிருந்தால் கருப்பையோடு பெண்ணாகப் பிறப்பார், ஆனால் சினைப்பை வளர்ந்திருக்காது. பருவ வயது தாண்டியும் வயதுக்கு வரவில்லை என்று மருத்துவரிடம் போகும்போது கண்டுபிடிப்பார்கள். வேறு சிலருக்கு எஸ்.ஆர்.ஒய். சரியாக இருந்து விந்தகமும் உருவாகியிருக்கும், ஆனால் டெஸ்டோஸ்டிரோனை உடம்பு உணராது, வெளித்தோற்றம் பெண்ணுடையதாகவே இருக்கும்.

இரண்டு எக்ஸ், ஒரு ஒய் என்று 47 குரோமோசோம்களோடு பிறப்பவர்கள் ஆண்கள். ஒரே ஓர் எக்ஸ் மட்டும் உள்ளவர்கள் பெண்கள். மனிதரில் எத்தனை எக்ஸ் என்பது கணக்கில்லை, ஒய் இருக்கிறதா என்பதே கணக்கு என்று 1959இல் அறிவியலாளர்கள் உறுதி செய்தது இவர்களின் குரோமோசோம்களைப் பார்த்துத்தான்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1905இல். ஆசிரியையாக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, முப்பது வயதுக்கு மேல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். அவர் எடுத்துக்கொண்டது மாவுப்புழு, அரிசி மாவு மூட்டையில் நெளியுமே அந்த வகை. அது வளர்ந்து வண்டாகும். அதன் செல்களைச் சாயமேற்றி எண்ணினார். பெண் வண்டில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டில் 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. அடுத்து விந்தணுக்களைப் பார்த்தார். பாதி விந்தணுக்களில் 10 பெரியவை, மீதிப் பாதியில் 9 பெரியவையும் அந்தச் சிறியதும். முட்டைகளில் எல்லாம் 10 பெரியவையே.

கூட்டிப் பாருங்கள். முட்டையின் 10உம் விந்தணுவின் 10உம் சேர்ந்தால் 20 பெரியவை, அது பெண். முட்டையின் 10உம், விந்தணுவின் 9 பெரியவையும் ஒரு சிறியதும் சேர்ந்தால் ஆண். எந்த விந்தணு என்பதே பாலை முடிவு செய்கிறது என்று அவர் எழுதினார். எட்மண்ட் வில்சன் என்பவரும் அதே ஆண்டு வேறு பூச்சிகளில் இதை நெருங்கியிருந்தார். வெகுகாலம் வில்சன் பெயரே முன்னால் நின்றது. ஸ்டீவன்ஸ் 1912இல் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். இந்தக் கண்டுபிடிப்புக்கு முன்பு சூடும் உணவும் தாயின் உடல்நிலையும்தான் குழந்தையின் பாலை முடிவு செய்கின்றன என்று ஐரோப்பாவிலும் படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கோழிக்கும் சேவல்தான் முடிவு செய்யுமா?

கோழியில் தலைகீழ். அங்கே வேறுபட்ட ஜோடி பெட்டையிடம் இருக்கிறது. முட்டைதான் முடிவு செய்யும். முதலைக்கோ குரோமோசோமே காரணமில்லை, முட்டை கிடக்கும் மணலின் சூடுதான் காரணம்.

ஸ்கேன் செய்யும் இடத்தில் கேட்டால் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வது குற்றம். 2003இல் திருத்தி, கருத்தரிப்பதற்கு முன்பே பாலைத் தேர்ந்தெடுப்பதையும் தடை செய்தார்கள். சொல்லும் மருத்துவருக்கு முதல் தடவையே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கேட்டுவரும் குடும்பத்தாருக்கும் உண்டு. அந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படும் ஒரு பிரிவு இருக்கிறது. கர்ப்பிணி சோதனைக்கு வந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, கணவரோ உறவினர்களோ கட்டாயப்படுத்தித்தான் வந்திருக்கிறார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதிய பிரிவு அது. தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த நிலைமையை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பத்தாவது படிக்கும் மகனுக்கும் மாமியாருக்கும் ஒரே நேரத்தில் எப்படிப் புரியவைப்பது?

இரண்டு சொம்பும் கொஞ்சம் புளியங்கொட்டையும் போதும். அம்மாவின் சொம்பில் இருபது கொட்டை, எல்லாம் அப்படியே. அப்பாவின் சொம்பிலும் இருபது, ஆனால் பத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்தது ஒய். காய்ந்ததும் குலுக்குங்கள். மாமியாரை அம்மா சொம்பிலும் மகனை அப்பா சொம்பிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஆண், பெண் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு, கொட்டைகளை அந்தந்தச் சொம்பிலேயே திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இருபது தடவை இப்படி.

மாமியார் கையில் ஒரு தடவைகூடப் புள்ளி வராது. அவர் எவ்வளவு நேரம் துழாவி எடுத்தாலும் வராது. மகன் கையில் வருவதை வைத்துத்தான் ஒவ்வொரு வரியும் மாறும், அவன் கண்ணை மூடியிருப்பதால் அவனுக்கும் அது முன்கூட்டித் தெரியாது. கடைசியில் தாளைப் பாருங்கள். பெரும்பாலும் எங்காவது ஓர் இடத்தில் நான்கு "பெண்" அடுத்தடுத்தோ நான்கு "ஆண்" அடுத்தடுத்தோ எழுதியிருக்கும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு அவர்களிடம் காட்டுங்கள்.